பாக்கிக்கும் வயது உண்டு
வியாபாரிகளுக்கான கணக்குப் பாடம்



நமது அறக்கட்டளையின் கர்ளு ஹஸனா நிதிக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை மருத்துவச் செலவுக்காகவும் கல்லூரிக் கட்டணத்துக்காகவும் வருபவை. சென்ற ஏப்ரலில் வந்த ஒரு மனு வேறு மாதிரி இருந்தது. செருப்பு மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் 3 லட்சம் ரூபாய் அழகிய கடன் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், "கடையில் லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தார். நம்மிடம் கிடைக்காவிட்டால் மனைவியின் நகையை வங்கியில் வைத்து வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நேரில் சொன்னார்.

லாபம் இருக்கும் கடையில் காசு ஏன் இல்லை என்று தெரியாமல் பொது நிதியைக் கொடுப்பது அமானிதத்துக்குச் சரியல்ல. ஆகவே அவருடைய பேரேட்டை வாங்கி இரண்டு இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்தோம். அங்கே கண்டதை, அவர் அனுமதியோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் இங்கே பாடமாகத் தருகிறோம். நமது மஹல்லாவில் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

மொத்தத் தொகை எதையும் சொல்லாது

அவர் சுமார் 39 சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறார். மாதம் சராசரி 8 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. முழுவதும் கடன்தான். மார்ச் 31 அன்று வெளியில் நிற்கும் பாக்கி 20 லட்சம். அதாவது இரண்டரை மாத விற்பனை, சுமார் 75 நாள் விற்பனை, வெளியே நின்றது. "எத்தனை நாள் கெடு கொடுக்கிறீர்கள், பாய்?" என்று கேட்டோம். "ஒரு மாசம்தான்" என்றார். ஆனால் எந்தப் பில்லிலும் கெடு எழுதப்படவில்லை.

அவர் வருடக் கணக்கில் இந்த 20 லட்சத்தையும் முழுச் சொத்தாகவே எழுதியிருந்தார். அந்தக் கணக்குப்படி ஆண்டு லாபம் 4,10,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 வீதம் 3,60,000 எடுத்திருந்தார். லாபத்துக்குள்தான் எடுத்திருக்கிறோம் என்பது அவர் நிம்மதி.

இந்த 20 லட்சத்தில் நேற்றுப் போன சரக்கின் பணமும் இருக்கிறது, ஒன்றரை வருடத்துக்கு முன் போனதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மதிப்பில் கூட்டுவது, இன்று பறித்த தக்காளியையும் பத்து நாள் பழைய தக்காளியையும் ஒரே தராசில் நிறுத்து ஒரே விலை போடுவது போன்றது. ஆகவே முதல் வேலை, பாக்கியை வயதுவாரியாகப் பிரிப்பது. கணக்காளர்கள் இதை வயதுப் பகுப்பாய்வு என்பார்கள்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு திருத்தங்கள்

பிரிக்கத் தொடங்கியதும் பேரேட்டில் உள்ள பாக்கியே சில இடங்களில் தவறு என்று தெரிந்தது. முதல் தவறு, திரும்பி வந்த சரக்கு. தையல் விட்டது, அளவு மாறியது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய சரக்கை லைன் ஆள் வாங்கி வந்து குடோனில் போட்டிருந்தார்; கணக்கில் கழிக்கவில்லை. ஒரு கடையின் 18,000 ரூபாய் "பழைய பாக்கி" முழுவதும் இப்படித் திரும்பி வந்த சரக்குதான். அந்தக் கடைக்காரர் பணம் தராததில் தவறே இல்லை. ஆனால் அவரைப் பற்றி நம் சகோதரர் ஆறு மாதமாக மனத்தாங்கலோடு இருந்தார்.

இரண்டாவது தவறு, பின்தேதியிட்ட காசோலை. காசோலை கைக்கு வந்த அன்றே பணம் வந்ததாக வரவு வைத்திருந்தார். அவற்றில் சில இன்னும் வங்கிக்கே போகவில்லை, ஒன்று திரும்பியிருந்தது. காசோலைப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அந்தப் பாக்கி பாக்கிதான். இவ்விரண்டையும் திருத்திய பிறகு கிடைத்ததுதான் மேலே சொன்ன 20 லட்சம்.

ஒரு கடையின் கணக்கைப் பிரிக்கும் விதம்

சில்லறைக் கடைக்காரர்கள் பில்லைப் பார்த்துப் பணம் தருவதில்லை. வசூலுக்குப் போனால் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கையில் இருப்பதைத் தருவார்கள், "கணக்கில் வரவு வை" என்பார்கள். அந்தத் தொகை எந்தப் பில்லுக்கு உரியது? இன்ன பில்லுக்கு என்று அவர் சொன்னால் அதற்கே வைக்க வேண்டும். சொல்லாதபோது, மிகப் பழைய பில்லிலிருந்து கழித்துக்கொண்டு வருவதே வழக்கம்.

ஒரு கடையின் கணக்கை முழுதாகப் பாருங்கள். செப்டம்பர் 10 அன்று 40,000, நவம்பர் 5 அன்று 35,000, ஜனவரி 12 அன்று 30,000, மார்ச் 8 அன்று 25,000 என நான்கு பில்கள், மொத்தம் 1,30,000. அவர் கொடுத்தவை நவம்பர் கடைசியில் 20,000, டிசம்பரில் 10,000, பிப்ரவரியில் 15,000, மார்ச்சில் 10,000, மொத்தம் 55,000. பாக்கி 75,000.

நம் சகோதரர் மனக்கணக்கில் இவர் "நல்ல பார்ட்டி". மார்ச்சில் கூடப் பணம் தந்திருக்கிறார் அல்லவா? ஆனால் 55,000-ஐப் பழைய பில்லிலிருந்து கழித்துப் பாருங்கள். செப்டம்பர் பில் 40,000 தீர்ந்தது. மீதி 15,000 நவம்பர் பில்லில் கழிய, அதில் 20,000 நிற்கிறது. ஜனவரி பில் 30,000 அப்படியே நிற்கிறது. மார்ச் பில் 25,000 அப்படியே நிற்கிறது. மார்ச் 31 அன்று நவம்பர் பில்லுக்கு வயது 146 நாள், ஜனவரி பில்லுக்கு 78 நாள், மார்ச் பில்லுக்கு 23 நாள்.

கடைசியாக எப்போது பணம் தந்தார் என்று பார்த்தால் இந்தக் கணக்கு இளமையாகத் தெரியும். எந்தச் சரக்கின் பணம் இன்னும் வரவில்லை என்று பார்த்தால்தான் வயது தெரியும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் கொடுத்து, அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டே போகிறவர் ஒருநாளும் "தராதவர்" ஆகத் தெரியமாட்டார். அவர் பாக்கி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தகராறில் உள்ள ஒரு பழைய பில்லை ஒதுக்கிவிட்டு, "இது புதுப் பில்லுக்கு" என்று சொல்லியே பணம் தருகிறவர்களும் உண்டு. அங்கே பழைய பில்லிலிருந்து கழித்தால் தகராறு மறைந்துவிடும். அந்தப் பில்லைத் தனியே குறித்து வையுங்கள்.

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் கட்டாயமில்லை. கோடு போட்ட நோட்டில் கடைக்கு ஒரு வரி, வயதுக்கு ஒரு பத்தி போதும். டேலி வைத்திருப்பவர்கள் பில்வாரியாக விவரம் வைக்கும் வசதியை முதலிலிருந்தே இயக்கியிருந்தால் பட்டியல் தானாக வரும். இல்லையென்றால் அங்கும் மொத்த பாக்கிதான் தெரியும்.

20 லட்சம் பிரிந்தபோது

எல்லாக் கடைகளையும் இப்படிப் பிரித்துக் கூட்டியபோது வந்த பட்டியல் இது. கெடு எதுவும் எழுதப்படாததால் பில் தேதியிலிருந்தே நாள் எண்ணினோம்.

| பில்லின் வயது | பாக்கி (ரூ.) |
|---|---|
| 30 நாள் வரை | 7,60,000 |
| 31 முதல் 60 நாள் | 4,80,000 |
| 61 முதல் 90 நாள் | 2,60,000 |
| 91 முதல் 180 நாள் | 2,40,000 |
| 180 நாளுக்கு மேல் | 2,60,000 |
| மொத்தம் | 20,00,000 |

மூன்று மாதம் தாண்டியது மட்டும் 5 லட்சம். அவர் நம்மிடம் கேட்டது 3 லட்சம். பட்டியலைப் பார்த்துச் சற்று நேரம் அவர் பேசவே இல்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மார்ச்சில் நோன்புப் பெருநாள் வியாபாரம் நடந்ததால் முதல் வரி வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மொத்தத்தில் பழைய பாக்கி நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெருநாள் மாதத்தில் நிலைமை நன்றாகத் தெரியும், மந்த மாதத்தில் மோசமாகத் தெரியும். ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காமல், 90 நாள் தாண்டிய தொகை மாதாமாதம் கூடுகிறதா குறைகிறதா என்று ரூபாயிலேயே பாருங்கள்.

எவ்வளவு வராது என்று எப்படிச் சொல்வது?

வயதைப் பிரித்தாயிற்று. இதில் எவ்வளவு வராமல் போகும்? பலர் மொத்தத்தில் 5 சதவீதம் என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல வழி, நம் கடையின் பழைய அனுபவத்தையே கேட்பது.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 31 அன்று நின்ற பாக்கியை அதே முறையில் பிரித்தோம். பிறகு, அந்த ஒவ்வொரு வயதிலும் நின்ற பணத்தில் அடுத்த 12 மாதத்தில் வராமலே போனது எவ்வளவு என்று பேரேட்டில் தேடினோம். 30 நாள் வரை இருந்த 6,50,000-இல் வராதது 6,500, நூற்றுக்கு 1. 31 முதல் 60 நாள் பாக்கியில் நூற்றுக்கு 3. 61 முதல் 90 நாளில் நூற்றுக்கு 8. 91 முதல் 180 நாளில் இருந்த 1,80,000-இல் 45,000 வரவில்லை, நூற்றுக்கு 25. 180 நாள் தாண்டிய 1,50,000-இல் 90,000 வரவில்லை, நூற்றுக்கு 60.

இந்த விகிதங்களின் போக்கைக் கவனியுங்கள். மூன்று மாதம் வரை மெதுவாக ஏறுகிறது. அதன்பின் ஒரே தாவலாக 8-இலிருந்து 25 ஆகிறது. இவர் கடையில் 90ஆம் நாள்தான் எல்லைக்கோடு. உங்கள் கடையில் அது 60ஆம் நாளாகவோ 120ஆம் நாளாகவோ இருக்கலாம். அதனால்தான் இந்த விகிதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறோம். ஒரு ஆண்டு அனுபவம் போதாது என்பதும் உண்மை. இரண்டு மூன்று ஆண்டு பார்த்தால் உறுதி கூடும்.

விகிதத்தைப் போடுவதற்கு முன், வராது என்று தெரிந்துவிட்டதைத் தனியே எடுக்க வேண்டும். 180 நாள் தாண்டிய 2,60,000-இல் 60,000 ஒரே கடையின் பாக்கி. அந்தக் கடை மூடி, உரிமையாளர் ஊரைவிட்டே போய்விட்டார். அதை முழுவதுமாக வாராக்கடன் என்று தள்ளினோம். மீதி 2,00,000-க்கு மட்டும் விகிதம் போட்டோம். ஒரே தொகைக்கு இரண்டு முறை நட்டம் எழுதிவிடக் கூடாது. முந்தைய ஆண்டுப் பட்டியலிலும் மூடிய கடைகளை இப்படியே விலக்கிவிட்டுத்தான் மேற்சொன்ன விகிதங்களைக் கணக்கிட்டோம்.

| பில்லின் வயது | பாக்கி (ரூ.) | விகிதம் | ஒதுக்கு (ரூ.) |
|---|---|---|---|
| 30 நாள் வரை | 7,60,000 | 1% | 7,600 |
| 31 முதல் 60 நாள் | 4,80,000 | 3% | 14,400 |
| 61 முதல் 90 நாள் | 2,60,000 | 8% | 20,800 |
| 91 முதல் 180 நாள் | 2,40,000 | 25% | 60,000 |
| 180 நாளுக்கு மேல் | 2,00,000 | 60% | 1,20,000 |
| மொத்தம் | 19,40,000 | | 2,22,800 |

கணக்கில் இது இரண்டு பதிவுகளாக ஏறும். மூடிய கடையின் 60,000 வாராக்கடன் கணக்கில் பற்று, அந்தக் கடையின் கணக்கில் வரவு. 2,22,800 இலாப நட்டக் கணக்கில் பற்று, வாரா ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கில் வரவு. முன்னதில் அந்தக் கடையின் பாக்கியே பேரேட்டிலிருந்து நீங்குகிறது. பின்னதில் எந்தக் கடையின் பாக்கியும் நீங்குவதில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் முழுத் தொகையும் நிற்கும், நாம் முழுத் தொகையையும் கேட்போம். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் 19,40,000-இலிருந்து 2,22,800-ஐக் கழித்து, 17,17,200 என்றுதான் பாக்கியின் மதிப்பைக் காட்டுவோம்.

இப்போது லாபத்துக்கு வருவோம். 4,10,000-இலிருந்து இரண்டும் சேர்ந்த 2,82,800 கழிய, நின்றது 1,27,200. ஆனால் அவர் வீட்டுக்கு எடுத்தது 3,60,000. வித்தியாசம் 2,32,800 ரூபாய் லாபத்திலிருந்து வரவில்லை, முதலிலிருந்து வந்திருக்கிறது. "கையில் காசு இல்லை" என்பதற்கான பதிலில் பாதி இது. மீதி பதில், மூன்று மாதம் தாண்டி வெளியில் நிற்கும் பணம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் முன்பு எந்த ஆண்டும் ஒதுக்கு வைக்காததால், பல ஆண்டுச் சுமை இந்த ஒரே ஆண்டில் விழுந்தது. அடுத்த ஆண்டு முழுத் தொகையும் மீண்டும் விழாது. அப்போது தேவைப்படும் ஒதுக்கு 1,80,000 என்று வந்தால், ஏற்கெனவே இருக்கும் 2,22,800-இல் 42,800 லாபத்துக்கே திரும்பிவிடும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. வருமான வரியில் ஒரு வியாபாரி ஒதுக்கை மட்டும் காட்டிச் செலவாகக் கழிக்க முடியாது. கணக்கில் உண்மையாகத் தள்ளுபடி செய்த வாராக்கடனைத்தான் கழிக்க முடியும். ஆக, இவருக்கு 60,000 கழியும், 2,22,800 கழியாது. அந்தச் சரக்குக்கு நாம் கட்டிய ஜிஎஸ்டியும், பணம் வரவில்லை என்பதற்காகத் திரும்பி வராது.

ஒதுக்கு வேறு, மன்னிப்பு வேறு, ஜகாத் வேறு

ஒதுக்கு எழுதியதாலோ தள்ளுபடி செய்ததாலோ கடனாளியின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அது நம் மதிப்பீடு மட்டுமே. கடன் கொடுத்தவர் வாய்விட்டு மன்னித்தால் அது வேறு விஷயம். ஏழைக் கடனாளியின் பாக்கியைத் தள்ளிவிட்டு அதையே ஜகாத்தாக எண்ணிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஃபுகஹாக்கள் அதை ஜகாத்தாக ஏற்பதில்லை.

அதேபோல் 2,22,800-ஐ அப்படியே ஜகாத் கணக்கிலிருந்து கழித்துவிடவும் முடியாது. மார்க்கச் சட்டம் மொத்த விகிதத்தைப் பார்ப்பதில்லை. இந்தக் கடனாளி கடனை ஒப்புக்கொள்கிறாரா, தரும் வசதி அவருக்கு உண்டா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்கிறது. விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. வயதுப் பட்டியலைக் கடைவாரியாக எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஆலிமிடம் காட்டினால் அவர் தெளிவாகச் சொல்ல வசதியாக இருக்கும்.

கெடுவை யாருக்கு, எப்படி இறுக்குவது?

பட்டியலைப் பார்த்த வேகத்தில் நம் சகோதரர், "இனி யாருக்கும் கடன் இல்லை" என்றார். அது தவறு. மூடிய கடை போக 38 கடைகளில் 22 கடைகள் 45 நாளுக்குள் ஒழுங்காகத் தருகிறவை. கடனை நிறுத்தினால் முதலில் போகிறவர்கள் அவர்கள்தான், ஏனென்றால் அவர்களுக்கு எந்த மொத்தக் கடையும் கடன் தரும். ஆகவே அந்த 22 கடைகளுக்கு ஒரே மாற்றம், பில்லில் கெடு தேதியை எழுதுவது. அடுத்த முறை முதல் அந்தத் தேதியிலிருந்தே வயது எண்ணலாம்.

இரண்டு மூன்று மாதம் இழுக்கும் 11 கடைகளுக்குப் பில்லுக்குப் பில் முறை. முந்தைய பில் தீர்ந்தால்தான் அடுத்த சரக்கு. கடைக்கு ஒரு கடன் உச்சவரம்பும் வைத்தோம். அந்தக் கடை சராசரியாக ஒன்றரை மாதத்தில் எடுக்கும் சரக்கின் தொகை. வரம்பைத் தாண்டிச் சரக்குக் கொடுக்க லைன் ஆளுக்கு அதிகாரம் இல்லை. அவருடைய கமிஷனையும் விற்பனைக்கு எண்ணாமல் வசூலுக்கு எண்ணும்படி மாற்றினார். விற்பனைக்குக் கமிஷன் தரும்வரை, இழுக்கும் கடைக்கும் சரக்குத் தள்ளுவதுதான் அவருக்கு லாபமாக இருந்தது.

மீதி 5 கடைகளுக்குப் புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும். பழைய பாக்கிக்கு எழுத்தில் தவணை.

இந்த இடத்தில் மற்ற வியாபாரிகள் செய்யும் ஒன்றை நாம் செய்ய முடியாது. கெடு தாண்டினால் மாதம் இவ்வளவு சதவீதம் என்று பில்லில் அச்சடிப்பது வட்டி. அதற்குப் பதிலாக இவர் இரண்டு விலைப்பட்டியல் வைத்தார்: ரொக்க விலை ஒன்று, 30 நாள் கெடு விலை சற்றுக் கூடுதலாக ஒன்று. பில் போடும்போதே வாங்குபவர் இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். இது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை உலமாக்கள் அனுமதித்த முறை. முடிவான பிறகு, தாமதமானாலும் ஒரு ரூபாய் கூட்டக் கூடாது. முன்கூட்டித் தந்தால் கழிவு என்று முதலிலேயே நிபந்தனை போடுவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அதை அவர் தவிர்த்துக்கொண்டார்.

ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகளிடம் நினைவூட்ட இன்னொரு விஷயம் உண்டு. நம் பில்லைக் காட்டி உள்ளீட்டு வரி வரவு எடுத்தவர், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அந்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. பணம் தந்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். இதை 150ஆம் நாளில் சொன்னபோது இரண்டு கடைக்காரர்கள் உடனே தீர்த்தார்கள். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகளுக்கு இது பொருந்தாது.

இயலாதவரும் மனமில்லாதவரும்

180 நாள் தாண்டிய 2 லட்சத்தில் 1,10,000 ஒருவருடைய பாக்கி. பேரேட்டில் அந்தப் பெயரைக் கடந்தபோது சகோதரர், "அது நம்ம மச்சான். அதை விடுங்க" என்றார். மனைவியின் தம்பி. கேட்டால் வீட்டில் சங்கடம். அதனால் ஒன்றரை வருடமாகக் கேட்கவே இல்லை. ஆனால் அதே வீட்டுப் பெண்ணின் நகைதான் இப்போது அடகுக்குப் போகவிருந்தது.

கெடு வைத்துக் கடன் கொடுத்தால் அதை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உறவினர் என்றால் எழுத வேண்டாம் என்று அங்கே விலக்கு இல்லை. அதற்குச் சற்று முன் 280ஆம் வசனம், சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. வசதி உள்ளவர் இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்று கண்டித்திருக்கிறார்கள். ஆக, பழைய பாக்கி ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டியது, இவர் இயலாதவரா, மனமில்லாதவரா என்பதுதான். பட்டியல் வயதைச் சொல்லும். இதை நேரில் போனால்தான் அறிய முடியும்.

மச்சானை நேரில் பார்த்தோம். அவர் கடை நன்றாகவே ஓடியது. "அத்தா மாதிரி இருக்கிற மச்சான் கேட்கலியே, அவசரமில்லைன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு சாட்சிகள் முன் மாதம் 10,000 வீதம் 11 மாதத் தவணை எழுதிக் கையெழுத்தானது. இன்னொருவர் 45,000 பாக்கி. மகளின் சிகிச்சையில் கடைச் சரக்கையே விற்றுத் தீர்த்திருந்தார். அவரிடம் தவணை கேட்கவில்லை. அடுத்த நோன்புப் பெருநாள்வரை அவகாசம் தந்து, பாக்கியை ஒப்புக்கொள்ளும் கையெழுத்து மட்டும் வாங்கப்பட்டது. சிகிச்சைக்கு நமது நிதியிலிருந்து உதவ வழி உண்டா என்று தனியே பார்த்து வருகிறோம்.

கையெழுத்து ஏன் அவசியம் என்றால், விற்ற சரக்கின் பணத்துக்கு நீதிமன்றம் போகக் காலவரம்பு மூன்று ஆண்டுதான். அது முடிவதற்குள் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். அல்லாஹ்விடம் கடனுக்குக் காலாவதி இல்லை, நீதிமன்றத்தில் உண்டு. ஆகவே ஆண்டுக்கொருமுறை எல்லாக் கடைகளிடமும் பாக்கி ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். திரும்பி வந்த சரக்கு, விடுபட்ட வரவு எல்லாம் அப்போதே வெளிவந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து

நமது நிர்வாகக் குழு அவருக்கு 3 லட்சம் தரவில்லை. புதிய முறையில் வசூல் வரத் தொடங்கும்வரை சமாளிக்க 1 லட்சம் கர்ளு ஹஸனாவாகத் தந்தது. அவர் வீட்டுச் செலவுக்கு எடுப்பதையும் குறைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 30 அன்று மீண்டும் பட்டியல் போட்டோம். மொத்த பாக்கி 14,60,000. 90 நாள் தாண்டியது, தள்ளுபடி போக 4,40,000 இருந்தது, இப்போது 2,10,000. இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பில்லுக்குப் பில் முறை பிடிக்காமல் மூன்று கடைகள் வேறு மொத்த வியாபாரியிடம் போயின. மாத விற்பனை 8 லட்சத்திலிருந்து 7,40,000 ஆகக் குறைந்தது. ஆனால் முன்பு 75 நாள் விற்பனை வெளியே நின்றது, இப்போது சுமார் 59 நாள் விற்பனைதான் நிற்கிறது. போன மூன்றும் பாக்கி வைத்து இழுத்தவையே. விற்பனை மேலும் குறைந்து, ஒழுங்காகத் தரும் கடைகளும் விலகத் தொடங்கினால் இறுக்கியது அதிகம் என்று பொருள். அதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கு முன் அவர் பட்டியல் போடுகிறார்.

நகை வீட்டிலேயே இருக்கிறது. நம்மிடம் வாங்கிய 1 லட்சத்தில் மூன்று தவணை திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

தம் கடைப் பாக்கியை இப்படிப் பிரித்துப் பார்க்க விரும்பும் சகோதரர்கள் பேரேட்டையும் பில் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். சரக்குத் திரும்பிய சீட்டுகளையும், இன்னும் வங்கியில் போடாத காசோலைகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவற்றுக்குத்தான் போகும். வஸ்ஸலாம்.

செயலாளர்